எம்.ஆர்.ஐ. அறையின் நான்கு மண்டலங்களும் பறக்கும் இரும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஆர்.ஐ. பிரிவில் டெக்னீசியனாகப் பணிபுரியும் நான், நோயாளிகளை அழைத்து வரும் வார்டு உதவியாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் புதிதாகச் சேரும் டெக்னீசியன்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு, லைட்டையும் அணைச்சுட்டாங்க. அப்பவும் காந்தம் இழுக்குமா?

இழுக்கும். பகலில் நோயாளி படுத்திருக்கும்போது எவ்வளவு இழுக்குமோ, நள்ளிரவில் அறை இருண்டு கிடக்கும்போதும் அதே அளவுக்கு இழுக்கும். எக்ஸ்ரே, சி.டி. இயந்திரங்களைப் பார்த்துப் பழகியவர்கள்தான் இதில் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அவற்றில் பொத்தானை அழுத்தும் நேரம் மட்டுமே கதிர் வருகிறது.

எம்.ஆர்.ஐ.யின் காந்தம் ஒரு மின்சுருள். அதன் கம்பி, சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் உள்ள திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இல்லை என்பதால், இயந்திரத்தை நிறுவும்போது ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் போனாலும், மெயின் சுவிட்சை அணைத்தாலும், கணினித் திரை கறுத்துப்போனாலும் காந்தம் அப்படியே இருக்கும். ஸ்கேன் நடக்கும்போது கேட்கும் தடதடச் சத்தம் வேறு சுருள்களுடையது. சத்தம் நின்றுவிட்டது என்பதைக் காந்தம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாலு ஜோன்னு சொல்றாங்களே, எது எங்க ஆரம்பிக்குது?

முதல் மண்டலம் எவரும் நடமாடக்கூடிய வெளிப்பகுதி. நடைபாதை, லிஃப்ட் வாசல், பொதுக் காத்திருப்பு இடம் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் மண்டலம் நோயாளியை வரவேற்று, விண்ணப்பம் நிரப்பி, உடை மாற்றி, உடலிலும் உடைமையிலும் உலோகம் இருக்கிறதா என்று சோதிக்கும் இடம். உங்கள் வார்டிலிருந்து வரும் ட்ராலியும் சக்கர நாற்காலியும் சிலிண்டரும் இந்த எல்லையோடு நின்றுவிட வேண்டும்.

மூன்றாம் மண்டலம் டெக்னீசியன் அமர்ந்து இயக்கும் அறையும் அதையொட்டிய பகுதியும். அதன் கதவு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும்; சோதனை முடிந்தவர்கள் மட்டுமே, எம்.ஆர்.ஐ. பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில், அதற்குள் வரலாம். நான்காம் மண்டலம் காந்தம் இருக்கும் அறையேதான். மூன்றாம் மண்டலத்தின் வழியாக அன்றி நான்காம் மண்டலத்தை அடைய வேறு வழி இருக்கக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

2001ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டபோது, எஃகு சிலிண்டர் ஒன்று அறைக்குள் கொண்டுவரப்பட்டது. அது பறந்து சென்று தாக்கியதில் சிறுவன் இறந்துபோனான். அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டலில்தான் இந்த நான்கு மண்டலப் பகுப்பு வந்தது. இன்று நம் ஊர் ஸ்கேன் மையக் கதவுகளில் காணும் ஜோன் பலகைகளின் பின்னணி அதுதான்.

கதவுல செப்புத் தகடு அடிச்சிருக்கே, மூடிட்டா காந்தம் வெளிய வராதுதானே?

அந்தச் செப்பு வானொலி அலைகளைத் தடுப்பதற்காக அமைத்தது. வெளியே இருந்து வரும் அலை படத்தைக் கெடுக்காமல் இருக்க அது உதவுகிறது. காந்தப்புலத்துக்குச் செப்பு ஒரு தடையே அல்ல. சுவர் வழியாகவும் தரை வழியாகவும் கூரை வழியாகவும் அது கடந்து செல்லும். காந்தத்தைப் பொறுத்தவரை, கதவை மூடி வைப்பது ஆட்களையும் பொருட்களையும் தடுப்பதற்காகத்தான்.

சிலிண்டரை லேசா இழுக்குற மாதிரி தெரிஞ்சா, உடனே பின்னால வந்துடலாமே?

உணர்ந்தபின் சுதாரித்துக்கொள்ளலாம் என்ற இந்த நம்பிக்கைதான் இந்தத் தொகுப்பில் உள்ள எல்லாத் தவறான எண்ணங்களிலும் ஆபத்தானது என்று நினைக்கிறேன். மழையில் ஆற்றில் இறங்குபவர் முழங்கால் நீரிலேயே இழுப்பை உணர்ந்து கரையேறிவிடலாம். இங்கே முழங்கால் நீர் என்று ஒன்று கிடையாது. கரையை அடுத்தே சுழல் இருக்கிறது.

ஒரு சாதாரண 1.5 டெஸ்லா இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்; டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு. நோயாளி படுக்கும் குழலின் நடுவிலிருந்து நேராகச் சுமார் 4 மீட்டர் தள்ளி நின்றால் காந்தப்புலம் 0.5 மில்லிடெஸ்லா அளவில் இருக்கும். நடுவில் அதைப் போல மூவாயிரம் மடங்கு. இந்த ஏற்றம் சீரான சரிவாக இல்லாமல், கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் சுவர்போல் எழுகிறது. இயந்திரத்திலிருந்து சற்றுத் தள்ளிய பகுதியில், தொலைவு பாதியாகும்போது காந்தப்புலம் எட்டு மடங்குக்குக் குறையாமல் கூடுகிறது. ஆனால் இரும்பின் மீதான இழுவிசை புலத்தின் வலுவோடு, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்துப் பெருகுவதால், நூறு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதாவது கையில் ஒன்றும் தெரியாத இடத்துக்கும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும் இடத்துக்கும் இடையே ஓரிரு காலடிகள்தான் இருக்கும்.

இன்றைய இயந்திரங்களில் வெளியே பரவும் புலத்தைக் குறைக்க எதிர்ச்சுருள்கள் வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்க அறைகளுக்கு இது நன்மை. அறைக்குள் வருபவருக்கோ அந்தச் சுவர் இன்னும் செங்குத்தாகிவிட்டது என்று பொருள்; பழைய இயந்திரம் கொடுத்த சிறு முன்னெச்சரிக்கையைக்கூட இது கொடுப்பதில்லை.

அவ்வளவு கனமான கட்டிலை எப்படி இழுக்கும்? சின்னச் சின்ன சாமான்தானே பறக்கும்?

காற்று தூசியைத் தூக்கும், பாறையைத் தூக்காது. அந்த அனுபவத்தைக் காந்தத்துக்குப் பொருத்திப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. காந்தம் பொருளின் மேற்பரப்பைத் தள்ளுவதில்லை, அதில் உள்ள இரும்பின் ஒவ்வொரு கிராமையும் இழுக்கிறது. பத்து மடங்கு இரும்பு இருந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு இழுவை. எடை கூடியது காப்பாற்றாது. மோதும்போது சேதத்தைத்தான் கூட்டும். 2023ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மருத்துவமனைக் கட்டில் ஒன்று இழுக்கப்பட்டு, அதற்கும் இயந்திரத்துக்கும் இடையே ஒரு செவிலியர் நசுங்கிப் படுகாயமடைந்தார்.

சக்கரம் உள்ள பொருட்களை நான் கூடுதலாக அஞ்சுவேன். உராய்வு குறைவு என்பதால் அவை தயங்காமல் உருளும். நீளமான பொருட்களுக்கு இன்னொரு குணம் உண்டு: இழுபடுவதற்கு முன்பே காந்தப்புலத்தின் திசைக்குச் சட்டென்று திரும்பும். சலைன் ஸ்டாண்டைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டை அந்தத் திருப்பமே முறித்துவிடலாம்.

எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாதே, அதை எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம். வீட்டுப் பாத்திரக்கடையில் காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கே பாதிதான் உதவும். எவர்சில்வர் என்பது ஒரே உலோகம் அல்ல. நிக்கல் அதிகம் சேர்ந்த வகை ஏறத்தாழ ஒட்டாது. விலை மலிந்த வகைகளும், கத்தி, கத்தரிக்கோல் போன்றவற்றுக்குப் பயன்படும் வகைகளும் நன்றாகவே ஒட்டும். பார்வையில் மூன்றும் ஒரே பளபளப்பு.

ஒட்டாத வகையைக்கூட வளைத்து, அடித்து, இழுத்து உருவாக்கும்போது வளைந்த இடங்கள் ஓரளவு காந்தத்தன்மை பெற்றுவிடுகின்றன. தட்டின் நடுவில் ஒட்டாத காந்தம் அதன் விளிம்பில் ஒட்டுவதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். வார்டில் இருக்கும் கிட்னி ட்ரேயும் பேசினும் இப்படிப்பட்டவைதான்.

நாங்க உடம்புல என்னென்ன கழட்டணும்? தாலியையுமா?

பைகளில் உள்ள அனைத்தையும் இரண்டாம் மண்டலத்திலேயே பெட்டியில் வைத்துவிட வேண்டும்: சாவி, கைபேசி, பேனா, நாணயம், கத்தரிக்கோல், ஸ்டெதஸ்கோப், அடையாள அட்டையின் கிளிப். கைக்கடிகாரமும் ஏ.டி.எம். அட்டையும் பறக்காவிட்டாலும் பழுதாகும்.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். அவசரத்துக்கு உதவும் என்று இரண்டு மூன்று ஊக்குகளைக் கொடியிலேயே மாட்டி வைப்பது நம் பெண்களிடையே மிகவும் இயல்பான பழக்கம் என்பதால், பயிற்சியில் நான் தனியாகக் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். கொடியைக் கழற்ற விரும்பாத பணியாளர்கள் ஊக்குகளை மட்டும் எடுத்துவிட்டு, கொக்கியைக் கைக்காந்தத்தால் சோதித்துக்கொண்டு வரலாம். புடவை மடிப்பில் குத்திய ஊக்கு, தலையில் உள்ள ஹேர்பின், அரைஞாணில் கட்டிய தாயத்துக் குப்பி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கு விதி வேறு: சூடேறிச் சுடும் அபாயம் இருப்பதால் தங்கம் உட்பட எல்லா உலோகத்தையும் கழற்றியாக வேண்டும்.

பேஸ்மேக்கர் வெச்சிருக்கேன், உள்ள பெருக்கப் போகலாமா? கர்ப்பமா இருந்தா?

பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி ஆகியவை இருப்பவர்கள் முதலில் பிரிவின் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆராய்ந்து அனுமதிக்கும்வரை மூன்றாம் மண்டலக் கதவைத் தாண்ட வேண்டாம். முன்பு வெல்டிங் அல்லது லேத் பட்டறையில் வேலை பார்த்து, கண்ணில் இரும்புத் துகள் விழுந்த அனுபவம் உள்ளவர்களும் அவ்வாறே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் அறைக்குள் பணிபுரியத் தடையில்லை. ஆனால் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே நிற்க வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை.

பிளாஸ்டிக் மாப், பிளாஸ்டிக் வாளிதானே கொண்டு போறேன், அதுல என்ன இருக்கு?

வாளியின் கைப்பிடிக் கம்பி, பிழியும் கூடையின் ஸ்பிரிங், மாப் துணியைப் பிடிக்கும் கிளிப், அதை முறுக்கும் திருகு, விளக்குமாற்றின் தலையில் இறுக்கிய தகரப் பூண் எல்லாம் இரும்பாக இருக்கலாம். இவற்றைவிட ஏமாற்றுவது மாப்பின் கம்புதான். கடையில் பிளாஸ்டிக் கம்பு என்று விற்பவற்றில் பல, மெல்லிய எஃகுக் குழாயின் மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தியவை.

நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் இரவுப் பணிக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர், வழக்கமான மாப் உடைந்திருந்ததால் வார்டு மாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நீல நிறக் கம்பு, கையில் பிடித்தால் எடையே தெரியாது. வாசலருகே துடைக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. மேசையின் அடியைத் துடைக்கக் குனிந்து கம்பை நீட்டியபோது அது கையை விட்டுப் பாய்ந்து குழலின் விளிம்பில் அறைந்தது. அவர் கம்புக்கும் இயந்திரத்துக்கும் இடையில் நிற்கவில்லை என்பதால் உள்ளங்கையில் சிராய்ப்போடு தப்பினார். எவரும் அவருக்குக் காந்தம் எப்போதும் வேலை செய்யும் என்று அதுவரை சொல்லியிருக்கவில்லை. அது அவருடைய தவறு அன்று.

ஆகவே, இந்த அறைக்கென்று தனி நிறத்தில் ஒரு தொகுப்புத் துடைப்பான்களை வாங்கி, ஒவ்வொரு பகுதியையும் கைக்காந்தத்தால் சோதித்து, மூன்றாம் மண்டலத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அது உடைந்தால் அன்றைக்கு அறையைத் துடைக்காமல் விடலாம். தரை துடைக்கும் மின் இயந்திரம், வேக்கம் கிளீனர், இரும்பு ஏணி ஆகியவற்றுக்கு எந்த நேரத்திலும் அனுமதி இல்லை. பயிற்சி பெற்ற டெக்னீசியன் ஒருவர் உடன் இல்லாமல் நான்காம் மண்டலத்தில் துப்புரவு வேலை நடக்கக் கூடாது.

ஐ.சி.யூ.ல இருந்து ஆக்சிஜனோட ஒருத்தரைக் கொண்டு வரேன். நான் என்ன வரிசையில செய்யணும்?

இந்தத் தொகுப்பில் எதையாவது ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டுமானால் இதைப் படியுங்கள், ஏனென்றால் உயிரைப் பறித்த விபத்துகளில் ஆக்சிஜன் சிலிண்டர் திரும்பத் திரும்ப வருகிறது. மும்பையில் 2018 ஜனவரியில் நடந்தது இந்த வேலையின்போதுதான். நோயாளியுடன் வந்த 32 வயது உறவினர் ஒருவர் சிலிண்டரைச் சுமந்துகொண்டு அறைக்குள் நுழைந்தார். இயந்திரம் அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஊழியர் ஒருவர் கூறியதை நம்பி அவர் போனதாக அன்றைய செய்திகள் தெரிவித்தன. சிலிண்டரோடு அவர் கையும் இழுபட்டு இயந்திரத்தில் சிக்கியது; கசிந்த வாயு தாக்கியதில் அவர் உயிரிழந்தார். அங்கே பல தடுப்புகள் அடுத்தடுத்து இருந்திருக்க வேண்டும்: சிலிண்டர் இரண்டாம் மண்டலத்தில் நின்றிருக்க வேண்டும், உறவினர் மூன்றாம் மண்டலத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, முதல் கேள்விக்கான பதில் எல்லா ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே எம்.ஆர்.ஐ. பிரிவுக்குத் தொலைபேசியில், நோயாளி ஆக்சிஜனில் இருக்கிறார், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று சொல்லுங்கள். அப்போதுதான் டெக்னீசியன் ஸ்கேன் அறைச் சுவரில் உள்ள ஆக்சிஜன் குழாய் வேலை செய்கிறதா என்று பார்த்து, நீளமான ட்யூபைத் தயாராக வைப்பார். இரண்டாம் மண்டலத்துக்கு வந்ததும் ட்ராலியை நிறுத்தி, நோயாளியை எம்.ஆர்.ஐ.க்கான தனி ட்ராலிக்கு மாற்ற வேண்டும். அந்த இடத்திலும் சுவர்க் குழாய் இருந்தால் ஆக்சிஜனை முதலில் அதற்கு மாற்றிவிட்டு, சிலிண்டரை அதன் வண்டியோடு சங்கிலியிட்டு நிறுத்துங்கள்.

மாற்றும்போது போர்வையை முழுவதுமாக எடுத்து உதறுங்கள். அவசரத்தில் சிறிய சிலிண்டரைக் கால்களுக்கு நடுவே படுக்கவைத்து மூடிக் கொண்டுவருவது நம் வார்டுகளில் நடப்பதுதான். தலையணைக்கு அடியில் கத்தரிக்கோலும், மெத்தையின் பக்கவாட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டரும், விரலில் அதன் கிளிப்பும் இருப்பது இன்னும் வழக்கம். எடை கட்டி இழுவையில் இருக்கும் எலும்பு முறிவு நோயாளியின் மணல் மூட்டையைக் கேட்டறியாமல் நம்பாதீர்கள்: சிலவற்றில் மணலுக்குப் பதில் இரும்புக் குண்டுகள் இருக்கும். முகக்கவசத்தின் மூக்குப் பகுதியில் உள்ள கம்பியும் நோயாளியின் முகத்தைச் சுட்டிருக்கிறது.

இதன் பிறகு டெக்னீசியன் ஒருமுறை தானே சோதித்து, "உள்ளே வரலாம்" என்று சொல்லும்வரை ட்ராலி நகரக் கூடாது. ஸ்கேன் அறையின் சுவர்க் குழாயில் நீளமான ட்யூபை முன்பே மாட்டி, ஆக்சிஜன் வருகிறதா என்று கையில் உணர்ந்து பார்த்தபின்தான் வெளியே உள்ள பழைய இணைப்பை விட வேண்டும். சுவர்க் குழாயில் அழுத்தம் இல்லையென்றால் நோயாளியை வெளியே கொண்டுவருவதுதான் விடை; சிலிண்டரை உள்ளே கொண்டுபோவது விடை அல்ல. இரண்டாம் கேள்வியில் சொன்ன சிறுவனின் விபத்து அப்படித்தான் தொடங்கியது.

அலுமினிய சிலிண்டர்ல "எம்.ஆர்." ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அது போதாதா?

ஸ்டிக்கரின் நிறத்தைப் பாருங்கள். பச்சைச் சதுரம் எந்த எம்.ஆர்.ஐ. அறையிலும் ஆபத்தில்லாத பொருளைக் குறிக்கும். சிவப்பு வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் உள்ளே வரவே கூடாது. மஞ்சள் முக்கோணம்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது: குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு மட்டும் அனுமதி. எத்தனை டெஸ்லா வரை, இயந்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளி, கட்டி வைக்க வேண்டுமா என்பது அந்தப் பொருளின் குறிப்பில் இருக்கும். 1.5 டெஸ்லாவுக்கு அனுமதித்தது 3 டெஸ்லா அறைக்குப் பொருந்தாமல் போகலாம்.

அலுமினிய உடலை இழுக்காது என்பது உண்மை. அதன் தலையில் திருகியிருக்கும் ரெகுலேட்டரும் சாவியும் எஃகாக இருந்தால் மொத்தத்தையும் அவையே கொண்டுபோகும். இன்னொரு சிக்கல் இருட்டில் எஃகு சிலிண்டரும் அலுமினிய சிலிண்டரும் ஒன்றுபோலத் தெரிவது. பெயின்ட் அடித்தபின் கையில் தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே எங்கள் பிரிவில் எந்த சிலிண்டருக்கும் அனுமதி இல்லை என்று எளிமையாக வைத்திருக்கிறோம். விதிவிலக்கு இல்லாத விதியை அதிகாலை மூன்று மணிக்கும் நினைவில் வைத்திருக்க முடியும்.

உள்ள ஸ்கேன்ல இருக்கும்போதே நோயாளிக்கு மூச்சு நின்னுட்டா? டாக்டர் ஓடி வருவாரே!

அவர் உள்ளே ஓடுவதற்கு முன் நோயாளி வெளியே வந்துவிட வேண்டும். டெக்னீசியன் மேசையை வெளியே இழுத்து மார்பை அழுத்தத் தொடங்குவார். உள்ளே அனுமதி பெற்ற மற்றவர், எம்.ஆர்.ஐ. ட்ராலியில் அல்லது கழற்றக்கூடிய மேசையோடு, முன்பே தீர்மானித்து வைத்த இடத்துக்கு நோயாளியைக் கொண்டுவர வேண்டும். வெளியே வந்ததும் காந்த அறைக் கதவை மூடி, ஒருவர் அதன் முன் நிற்க வேண்டும்.

டிஃபிப்ரிலேட்டர், லாரிங்கோஸ்கோப், அவசர மருந்து வண்டி எல்லாம் அந்த இடத்தில்தான் காத்திருக்கும். நீங்கள் அங்கே இருந்தால் உங்கள் வேலை கதவைக் காப்பதாக இருக்கலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் மருத்துவர், சட்டைப் பையில் கத்தரிக்கோலோடு, உங்களைவிடப் பல படி மேலான பதவியில் இருப்பார். "சார், நோயாளி இங்கே வந்துட்டிருக்கார், உள்ளே வேண்டாம்" என்று சொன்னால் போதும், எம்.ஆர்.ஐ. பொறுப்பாளர் உங்கள் பக்கம்தான் நிற்பார்.

யாராவது சிலிண்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா எந்த பட்டனை அழுத்தணும்?

பொதுவாக இரண்டு விதமான அவசரப் பொத்தான்கள் உண்டு. ஒன்று மின்சாரத்தைத் துண்டிப்பது. தீப்பொறி, புகை, மேசைக் கோளாறு ஆகியவற்றுக்கானது. முதல் பதிலில் சொன்னபடி அதனால் காந்தம் போகாது. மற்றொன்று க்வென்ச் பொத்தான். தவறிக் கை படாதபடி பெரும்பாலும் மூடி போட்டிருக்கும். அது சுருளைச் சூடாக்கி, ஹீலியத்தைக் கொதிக்கவைத்து, காந்தத்தையே அழிக்கும். அழுத்தியதும் சட்டென்று விடுபடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இழுவை தளர ஒரு நிமிடமோ அதற்குச் சற்றுக் கூடவோ ஆகலாம்.

மனிதர் நசுங்கிக்கொண்டிருந்தால் க்வென்ச் பொத்தானை அழுத்த வேண்டும், செலவைப் பற்றி எவரும் கேட்க மாட்டார்கள். 2014இல் நவி மும்பையில் ஊழியர்கள் இருவர் சிலிண்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே சுமார் நான்கு மணி நேரம் சிக்கிக் கிடந்தார்கள், காந்தத்தை உடனே செயலிழக்கச் செய்ய முடியவில்லை. ஆகவே பொத்தான் எங்கே இருக்கிறது என்பதோடு, அது வேலை செய்கிறது என்று பொறியாளர் கடைசியாக எப்போது உறுதிசெய்தார் என்பதையும் டெக்னீசியன்கள் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

ஆள் யாரும் மாட்டலை, வீல்சேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நாலு பேர் சேர்ந்து இழுத்துடலாமா?

கூடாது. இழுக்கும்போது அது சற்று விலகி, திரும்பி, மறுபடி பாய்ந்து ஒட்டும். அந்த இடைவெளியில் விரல் இருக்கும். கயிறு கட்டி இழுத்தால் அறுந்த கயிற்றோடு நீங்கள் பின்னால் விழுவீர்கள். அறையைக் காலி செய்து, கதவைப் பூட்டி, டெக்னீசியனிடம் விடுங்கள். அவர் இயந்திர நிறுவனத்தின் பொறியாளரை அழைப்பார்; காந்தத்தின் மின்னோட்டத்தை மெதுவாகக் குறைத்து எடுப்பதா, வேறு வழியா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் க்வென்ச் செய்வது தேவையில்லாத ஆபத்து. பல லட்சம் ரூபாய்ச் செலவும் பல நாள் முடக்கமும் ஒருபுறம் இருக்க, அடுத்த பதிலில் உள்ள பிரச்சினையையும் அது வரவழைக்கக்கூடும்.

க்வென்ச் ஆகும்போது வெள்ளையா புகை வந்தா?

அது தீப்புகை அல்ல, கடுங்குளிர் ஹீலியமும் அதனால் உறைந்த ஈரப்பதமும் சேர்ந்த மேகம். திரவ ஹீலியம் வாயுவாகும்போது ஏறத்தாழ எழுநூறு மடங்குக்கு மேல் விரியும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது பெருஞ்சத்தத்தோடு கூரைக் குழாய் வழியாக வெளியேறிவிடும். குழாய் அடைபட்டோ உடைந்தோ இருந்தால் வாயு அறைக்குள் நிரம்பி ஆக்சிஜனை வெளியே தள்ளும். ஹீலியத்துக்கு மணமோ எரிச்சலோ இல்லை. மூச்சுத் திணறுவதை உணர்வதற்குள் மயக்கம் வந்துவிடலாம்.

வாயு மேலே சேரும் என்பதால் குனிந்தபடி வெளியேறுங்கள். கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் அறையில் ஏறிய அழுத்தம் அதைத் திறக்கவிடாது. அப்போது இயக்க அறைக்குள் பார்க்கும் கண்ணாடியை உடைத்து அழுத்தத்தைத் தணிப்பதுதான் பரிந்துரைக்கப்பட்ட வழி. காந்தம் போய்விட்டது என்று டெக்னீசியன் அளந்து சொல்லும்வரை அறையை நான்காம் மண்டலமாகவே நடத்த வேண்டும். தீயணைப்பு வீரர்களின் கோடரியும் மூச்சுக்கருவியும் அவர்களுக்கே எமனாகலாம்.

நோயாளியோட வீட்டுக்காரர் "ஒரு நிமிஷம் தூக்கி விட்டுட்டு வந்துடறேன்"னு கெஞ்சறார். விடலாமா?

விட வேண்டாம். 2025 ஜூலையில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இதுதான் நடந்தது: ஸ்கேன் முடிந்த மனைவி எழுந்திருக்க உதவுவதற்காக 61 வயதானவர் உள்ளே போனார். உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் அணிந்திருந்த சுமார் 9 கிலோ சங்கிலி அவரை இயந்திரத்தோடு இழுத்தது, அவர் இறந்துபோனார். உறவினருக்கும் நோயாளிக்கு நிகரான சோதனை உண்டு. அது முடியாதவரை, இரண்டாம் மண்டலத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நோயாளியை நாமே வெளியே கொண்டுவர வேண்டும்.

உள்ள போறப்ப தலையில இருந்த ஹேர்பின்னைக் காணோம். சின்னதுதானே, சொல்லணுமா?

உடனே சொல்லுங்கள். அது குழலின் உறைக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த நோயாளியின் படத்தில் ஒரு பகுதி கறுத்தோ வளைந்தோ தெரியும், அதை நோய் என்று குழம்பவும் வாய்ப்புண்டு. மேலும், குழலுக்குள் தலை வைத்துப் படுக்கும் ஒருவரின் கண்ணருகே அது இருக்கலாம். எந்தப் பக்கமாக நுழைந்தீர்கள், மேசைக்கு எவ்வளவு அருகில் போனீர்கள், எத்தனை மணிக்கு என்பதை நினைவுபடுத்திச் சொன்னால் தேடுவது எளிது. ஸ்கேன் எடுக்கப் பயன்படும் நீர் நிரம்பிய சோதனைக் குடுவையை வைத்து ஒரு படம் எடுத்து, அதில் கோணல் விழும் இடத்தைக் கொண்டு நாங்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவோம்.